இடர் விகிதம்: ஒரே எண் முழுச் சிகிச்சைக் காலத்திற்கும் பொருந்துமா?

நுரையீரல் புற்றுநோய் மாத்திரையான ஜெஃபிட்டினிப் பற்றிய ஆய்வுச் செய்திகளில் "இடர் விகிதம் 0.51" போன்ற எண்களை நீங்கள் காணக்கூடும். ஹசார்ட் ரேஷியோ என்று மருத்துவர்கள் கூறுவதும் இதுவே.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்றவர்கள் அனைவருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருந்தது. ஒரு பிரிவினர் மாத்திரையை மட்டும் பெற்றனர். மற்றொரு பிரிவினர் மாத்திரையுடன் கீமோதெரபியும் பெற்றனர். நோய் மீண்டும் வளர்வதற்கான இடர் விகிதம் 0.51. அதாவது, எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், அதுவரை நோய் வளராமல் இருப்பவர்களுள் அது வளரத் தொடங்கும் வேகம் கூட்டுச் சிகிச்சைப் பிரிவில் ஏறத்தாழப் பாதி. பாதிப் பேர் குணமடைந்தனர் என்பது இதன் பொருளன்று.

"எந்த நாளை எடுத்துக்கொண்டாலும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். 1972-இல் டேவிட் காக்ஸ் வகுத்த கணக்கீட்டு முறையின் அடிப்படை அனுமானம் அதில்தான் உள்ளது. நோய் வளரும் வேகம் நாளுக்கு நாள் மாறலாம். ஆனால் இரு பிரிவுகளின் வேகங்களுக்கு இடையிலான விகிதம் தொடக்கம் முதல் இறுதி வரை மாறக்கூடாது.

இவ்வனுமானம் பொய்த்த ஓர் ஆய்வு உண்டு. 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், கிழக்காசிய நாடுகளைச் சேர்ந்த 1,217 நோயாளிகளிடம் ஜெஃபிட்டினிப்பும் கீமோதெரபியும் ஒப்பிடப்பட்டன. மாத்திரைக்குச் சாதகமாக இடர் விகிதம் 0.74 என வந்தது. அதை நாமே சரிபார்க்கலாம். விகிதம் மாறாதிருந்தால், கீமோதெரபி பிரிவில் நோய் வளராதோரின் பங்கை 0.74 என்னும் அடுக்கிற்கு உயர்த்தினால் மாத்திரைப் பிரிவின் பங்கு கிடைக்க வேண்டும். கீமோதெரபி பிரிவில் 5.8 மாதத்தில் பாதிப் பேருக்கு நோய் வளரவில்லை. எனவே மாத்திரைப் பிரிவில் சுமார் 60 விழுக்காடு இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே 5.7 மாதத்திலேயே பங்கு பாதியாகிவிட்டது. 12-ஆம் மாதத்தில் கீமோதெரபி பிரிவில் 6.7 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் எதிர்பார்க்க வேண்டியது சுமார் 13.5. உண்மையில் இருந்ததோ 24.9.

தொடக்கத்தில் கணிப்பை விடக் குறைவு, பின்னர் மிக அதிகம். வரைபடத்தில் இரு கோடுகளும் ஆறாம் மாத அளவில் ஒன்றையொன்று வெட்டின. கோடுகள் தெளிவாக வெட்டிக்கொண்டால், ஒற்றை எண்ணை நம்பிவிடாதீர்கள். புள்ளியியலாளர்கள் ஷோன்ஃபெல்ட் எச்சங்களைக் காலத்திற்கு எதிராக வரைந்து பார்ப்பர். அவை கிடைமட்டமாக இல்லாமல் சாய்ந்தால் விகிதம் மாறுகிறது என்று பொருள். நோயாளிகள் குறைவாக உள்ள ஆய்வில் இச்சோதனை குறையைக் கண்டுபிடிக்கத் தவறலாம்.

கோடுகள் வெட்டியதற்குக் காரணம், இருவேறு நோயாளிகள் ஒன்றாகக் கலந்திருந்ததே. மரபணுச் சோதனை முடிவு தெரிந்தவர்களுள் மாற்றம் இருந்த 261 பேருக்கு விகிதம் 0.48, இல்லாத 176 பேருக்கு 2.85. பின்னவர்களுக்கு மாத்திரை கீமோதெரபியை விடத் தெளிவாகத் தீங்கானது. 0.74 என்பது இவ்விரு பிரிவினருள் எவருக்கும் உரிய எண் அன்று. ஆகவே ஜெஃபிட்டினிப் பரிந்துரைக்கப்படும்போது, ஈ.ஜி.எஃப்.ஆர். சோதனை முடிவு வந்துவிட்டதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.