விடுப்பு விண்ணப்பத்தில் எவ்வளவு சொன்னால் போதும்?

அக்காவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. சிறுநீரகம் கொடுப்பவர் அம்மா. ஒரே நாளில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறார்கள். அக்காவுக்குத் துணையாக அத்தான் இருப்பார். அம்மாவுக்கு யார் இருப்பது? கோவையில் ஒரு பம்ப்செட் மொத்த விற்பனை நிறுவனத்தில் கணக்கு எழுதும் தங்கைதான் இருந்தாக வேண்டும். அதற்கு அவர் ஆபீசில் லீவு கேட்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது?

இப்படி ஒரு பெண்ணை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில் பலரும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். ஒன்று, தனக்கே காய்ச்சல் என்று சொல்லி மெடிக்கல் லீவு போடுவது. அந்த லீவு ஊழியரின் சொந்த நோய்க்கு மட்டும் உரியது. இரண்டு வாரம் நீண்டால் சொந்தப் பெயரில் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். அப்போது பொய் வெளிப்பட்டு ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகலாம். இன்னொன்று, பதற்றத்தில் கிரியேட்டினின் அளவு முதல் டயாலிசிஸ் கதை வரை எல்லாவற்றையும் மேலாளரிடம் கொட்டிவிடுவது. கொட்டியது மறுநாள் கேன்டீனில் பேச்சாக இருக்கும். "தங்கச்சி நீ இருக்கும்போது வயசான அம்மாகிட்ட ஏன் எடுக்கறாங்க?" என்ற கேள்வியும் வரும். யார் கொடுப்பது, யாருக்குப் பொருந்தவில்லை, யார் மறுத்தார் என்பதெல்லாம் அந்தக் குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய விஷயம். அதிலும் நோய் அக்காவுடையது, முடிவு அம்மாவுடையது. தங்கை தன் விருப்பத்துக்கு எடுத்துச் சொல்லக்கூடியது அல்ல.

நடுவில் ஒரு நேர்வழி இருக்கிறது. மேலாளருக்கு நாட்களைத் துல்லியமாகச் சொல்வது, நோயைச் சொல்லாமல் விடுவது. ஆபீஸ் லீவைத் தீர்மானிப்பது எந்த உறுப்பு என்பதை வைத்து அல்ல. எத்தனை நாள், எப்போது, வேலையை யார் பார்ப்பது என்பதை வைத்துத்தான். ஆகவே லீவு கேட்பவர் முதலில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டியது காலண்டர்.

முதலில் காலண்டர்

மாற்று அறுவை சிகிச்சைக்கான லீவு ஒரே துண்டாக வராது. மூன்று துண்டாக வரும். முதல் துண்டு, ஆபரேஷனுக்கு முன். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, கொடுப்பவர் நெருங்கிய உறவினராக இருந்தாலும் உறவை நிரூபிக்கும் ஆவணங்களைச் சரிபார்த்து, நேரில் விசாரித்த பிறகே அனுமதி கிடைக்கும். அன்று குடும்பத்தினரும் கூடப் போக வேண்டிவரும். அதற்கு ஒரு நாள்.

இரண்டாவது துண்டு, ஆஸ்பத்திரியில் தங்கும் காலம். 14-ஆம் தேதி ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள், 12-ஆம் தேதி அட்மிஷன் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாகப் போனால் கொடுத்தவர் நான்கைந்து நாளில் வீடு திரும்புவார். பெற்றுக்கொண்டவருக்கு ஏறக்குறைய பத்து நாள் ஆகலாம். அதுவரை அவர் தனி அறையில் இருப்பார். உள்ளே விடமாட்டார்கள் என்றாலும் வெளியே ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும்: சீட்டு கொடுத்தால் மருந்து வாங்கி வர, கையெழுத்துப் போட, பணம் கட்ட. அம்மா வீட்டுக்குப் போன பிறகும் அவருக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும். வீட்டில் ஆள் வேண்டும். ஆகவே தங்கைக்கு 12 முதல் 25 வரை லீவு வேண்டும். அதில் இரண்டு ஞாயிறு கழிந்தால் 12 வேலை நாள்.

மூன்றாவது துண்டைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீடு திரும்பிய முதல் மாதத்தில் வாரம் இரண்டு தடவைகூடப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். அதற்கு, முந்தின இரவு மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரையைப் போடும் முன் ரத்தம் எடுப்பார்கள். காலையில் ரத்தம் கொடுத்து, பிறகு டாக்டரைப் பார்த்துக் கிளம்ப மதியம் தாண்டிவிடும். அரை நாள் பர்மிஷன் இதற்குப் போதாது. திங்கள், வியாழன் என்று நாள் அமைந்தால், திங்கள் அத்தான் போகலாம், வியாழன் தங்கை. நான்கு வியாழன், நான்கு நாள்.

இனி லீவுக் கணக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி, ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக்கூடிய தற்செயல் விடுப்பு 12 நாள் வரை தனி. நம் உதாரணத்தில் ஆஸ்பத்திரி நாட்கள் 12-ம் முதல் கணக்கில் அடங்கிவிடும். விசாரணை நாளும் நான்கு வியாழனும் சேர்ந்து ஐந்து நாள் தற்செயல் விடுப்பில் போகும். இன்னும் ஏழு நாள் கையிருப்பு. இந்த ஆண்டு ஏற்கெனவே எடுத்துத் தீர்த்தவர்கள், எஞ்சிய நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்க வேண்டியிருக்கும். அதைத் தருவது நிர்வாகத்தின் கையில். உறுப்பு கொடுக்கும் மத்திய அரசு ஊழியருக்கு 2023 முதல் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு. அந்தச் சலுகை கொடுப்பவருக்குத்தான். கூட இருப்பவர் தன் சொந்த லீவைத்தான் எடுக்க வேண்டும்.

கடிதம்

காலண்டர் கையில் இருந்தால் கடிதம் தானாக வந்துவிடும்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் நெருங்கிய குடும்பத்தினருக்குத் திட்டமிட்ட பெரிய அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. உடனிருந்து கவனிக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. இம்மாதம் 3-ஆம் தேதி ஒரு நாளும், 12 முதல் 25 வரையும், அதன் பிறகு நான்கு வியாழக்கிழமைகளும் எனக்கு விடுப்பு தேவை. மருத்துவர்கள் தேதியைத் தள்ளிவைக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் தெரிந்த அன்றே தகவல் சொல்கிறேன். 11-ஆம் தேதி போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவேன். 20-ஆம் தேதிக்கான 3பி விவரங்களைத் தயாரித்து, சக ஊழியரிடம் ஒப்படைக்கிறேன். அவசரத்துக்கு மாலை 5 மணிக்கு மேல் போனில் கிடைப்பேன். இது குடும்பத்தின் அந்தரங்க விஷயம் என்பதால் தங்களோடு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. சிறுநீரகம், அக்கா, அம்மா என்ற சொற்களும் இல்லை. 'பெரிய அறுவை சிகிச்சை' என்பதை மட்டும் விடக் கூடாது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று மட்டும் எழுதினால் மேலாளர் அதைக் கல்யாணம், காதுகுத்து வரிசையில் வைத்து, "அடுத்த மாசம் போங்களேன்" என்பார். தேதி தள்ளிப்போகலாம் என்ற வரியும் முக்கியம். கொடுப்பவருக்கோ பெறுபவருக்கோ லேசான காய்ச்சல் வந்தாலும், ஆபரேஷனுக்கு முன் செய்யும் கடைசிப் பொருத்தச் சோதனை சரியாக வராவிட்டாலும் தள்ளிவைப்பார்கள். முன்பே எழுதி வைத்திருந்தால் அன்று காரணம் விளக்க வேண்டியதில்லை. "தேதி மாறிவிட்டது சார்" என்றால் போதும்.

கம்ப்யூட்டரில் லீவு போடும் இடங்களில் 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதுவதை மேலாளர் மட்டும் படிப்பதில்லை. மனிதவளப் பிரிவும் சம்பளப் பிரிவும் பார்க்கும். அங்கே 'குடும்பத்தில் அறுவை சிகிச்சை' என்ற மூன்று வார்த்தை போதும். மேற்படி கடிதம் மேலாளருக்குத் தனியாகப் போகட்டும்.

கேள்வி வரும்போது

பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்பார்கள். "யாருக்கும்மா, என்ன ஆபரேஷன்?" என்று கேட்டால், "வீட்டுல ஒருத்தருக்கு சார். அவங்க வெளில சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. நல்லபடியா முடிஞ்சதும் வந்து சொல்றேன்" என்று முடித்துக்கொள்ளலாம். நோயாளியின் விருப்பம் என்று சொன்ன பிறகு மேற்கொண்டு துருவுபவர்கள் குறைவு. இந்தப் பதிலை முதல் நாளிலிருந்தே எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒருவரிடம் கிட்னி என்றும் இன்னொருவரிடம் குடலிறக்கம் என்றும் சொன்னால் இரண்டும் கேன்டீனில் சந்தித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கிறோம் என்பவர்களைத் தடுக்க உண்மையான காரணமே இருக்கிறது. பெறுபவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பார்கள். சாதாரண சளிகூட ஆபத்து. "டாக்டர் யாரையும் பார்க்க விடக் கூடாதுன்னு சொல்லிட்டார்" என்பதில் நோயின் பெயர் வரவே இல்லை.

ஆதாரம் கேட்பதற்கு நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதில் நோய், உறுப்பு, மருந்துகள் எல்லாம் இருக்கும். மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் கட்டாயமாக எடுக்கும் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனை முடிவுகளும் இருக்கலாம். அதற்குப் பதிலாக, மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்: இன்னார் இத்தனாம் தேதி முதல் உள்நோயாளி, உடன் அட்டெண்டர் தேவை, அட்டெண்டராக இருந்தவர் இன்னார். கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும். கேட்கும்போதே "நோய் விவரம் வேண்டாம், ஆபீசுக்குக் கொடுக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். டிபார்ட்மென்ட் பெயரிலேயே நோய் தெரிந்துவிடும் என்பதால், சிறுநீரகப் பிரிவின் தாளில் எழுதாமல் மருத்துவமனையின் பொதுத் தாளில் கேட்பது நல்லது.

கம்பெனி குரூப் இன்சூரன்சில் பெற்றோரைச் சேர்த்திருந்தால், அந்தச் செலவுக்கு மருத்துவ விவரம் முழுவதும் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அது மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரிலிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் தாள். லீவு தரும் மேலாளர் வழியாகப் போக வேண்டியதில்லை. க்ளெய்ம் காகிதத்தை லீவு மெயிலோடு இணைக்காமல் இருந்தால் போதும்.

தேதியே இல்லாதபோது

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காகக் காத்திருப்பவர் வீட்டில் காலண்டர் போட முடியாது. அழைப்பு நடுராத்திரியிலும் வரும். ஓரிரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். மாற்று ஆளாகக் கூப்பிட்டு, உறுப்பு முதல் நபருக்கே பொருந்திவிட்டதால் திருப்பி அனுப்புவதும் உண்டு. இப்படிப்பட்டவர்கள் பதிவு செய்த உடனேயே மேலாளரிடம் பேசிவிட வேண்டும்: "வீட்டில் ஒருவருக்கு எந்த நேரமும் அறுவை சிகிச்சைக்கு அழைப்பு வரலாம். வந்தால் ஒரு வரி மெசேஜ் அனுப்பிவிட்டுக் கிளம்புவேன். இரண்டு வாரம் ஆகலாம். அடுத்த நாளே திரும்பியும் வரலாம்." தன் வேலைகளின் நிலவரத்தை வாரம் ஒரு முறை ஒரு தாளில் எழுதி சக ஊழியரிடம் கொடுத்து வைத்தால், அந்த ஒரு வரி மெசேஜ் போதுமானதாக இருக்கும்.

லீவு கேட்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று. மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் உள்ளே, முதல் மாதம் வாரம் எத்தனை தடவை வர வேண்டும், என்ன ஆனால் தேதி தள்ளிப்போகும். அந்த மூன்று பதிலும் கையில் இருந்தால், ஆபீசில் நான்காவது எதையும் சொல்ல வேண்டியதில்லை.