எல்லை தாண்டும் மரபணு

இடக்கொச்சியில் அந்தி சாயும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைக்க யாரும் துணிவதில்லை. காயலோரத்து வாய்க்கால்களிலும் கானைகளிலும் தேங்கும் அழுக்குத் தண்ணீரில் க்யூலெக்ஸ் கொசு பெருகிக் கிடக்கிறது. புகை அடித்தாலும் மருந்து தெளித்தாலும் சில நாளில் திரும்பி வந்துவிடுகிறது. மரபணுவைத் திருத்த கிரிஸ்பர் என்ற கருவி இருக்கிறது. அதைக் கொண்டு கொசுவையே மாற்றி நோயை ஒழிக்க முடியாதா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். ஆய்வகக் கூண்டுக்குள் அது முடிந்திருக்கிறது. கூண்டைத் திறப்பதில்தான் சிக்கல்.

கொசுவுக்கும் நம்மைப் போலவே ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பிள்ளைக்கு அவற்றில் ஏதோ ஒன்றுதான் போய்ச் சேரும். ஆகவே ஒரு கொசுவுக்குள் நாம் புகுத்திய புது மரபணு அதன் பிள்ளைகளில் பாதிப்பேருக்கே கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு மாற்றிய கொசுக்களை ஊருக்குள் விட்டால், அந்த மரபணு எத்தனை தலைமுறை போனாலும் ஏறத்தாழ அந்தப் பத்து சதவீதத்திலேயே நிற்கும். கொசுவுக்கு அதனால் சிறு பலவீனம் இருந்தாலும் மெல்ல மறைந்துபோகும்.

ஜீன் டிரைவ் என்ற நுட்பம் இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கை மாற்றுகிறது. புது மரபணுவோடு கிரிஸ்பர் கத்திரியையும் சேர்த்து, அந்தக் கத்திரி எந்த இடத்தை வெட்டுமோ அதே இடத்தில் பொருத்திவிடுகிறார்கள். விந்தும் முட்டையும் உருவாகும் செல்களில் கத்திரி எதிர்ப்பிரதியை வெட்டுகிறது. வெட்டுண்ட டி.என்.ஏ.வைச் சரிசெய்ய, செல் முழுதாக இருக்கும் பிரதியைப் பார்த்து எழுதுகிறது. அப்படி எழுதும்போது புது மரபணுவும் கத்திரியும் சேர்ந்தே நகலாகின்றன. இப்போது இரண்டு பிரதியிலும் அது இருப்பதால் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது.

வெட்டும் நகலும் ஒருமுறையும் பிசகவில்லை, கொசுவுக்கும் பலவீனம் ஏதுமில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பத்து சதவீதத்தில் தொடங்கிய மரபணு அடுத்த தலைமுறையில் 19 சதவீதம் ஆகும். பிறகு 34, 57, 81 என்று ஏறி, ஐந்தாம் தலைமுறையில் 97 சதவீதத்தைத் தொடும். வெப்பமான ஊரில் கொசுவின் ஐந்து தலைமுறை என்பது சில மாதங்களே.

இதை நம் நாட்டு மலேரியாக் கொசு ஒன்றில் செய்து காட்டினார்கள். சென்னை போன்ற நகரங்களில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாபிலஸ் ஸ்டெஃபென்ஸிதான் அது. 2015இல் கலிபோர்னியாவில் அந்தோனி ஜேம்ஸ், ஈதன் பையர், வாலன்டினோ காண்ட்ஸ் ஆகியோரின் குழு, மலேரியா ஒட்டுண்ணியைத் தாக்கும் எதிர்ப்பொருள் மரபணுக்களை இதற்குள் வைத்து ஜீன் டிரைவ் உருவாக்கியது. கொசு சாகாது, ஆனால் நோயைச் சுமக்காது என்பது நோக்கம். பிள்ளைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் புது மரபணு இருந்தது.

குறையும் அதே சோதனையில் தெரிந்தது. கண் நிறத்தைத் தரும் மரபணுவுக்குள்தான் அவர்கள் டிரைவைப் பொருத்தியிருந்தார்கள். அது சரியாக ஏறிய கொசுவின் கண் ஒளியூட்டினால் சிவப்பாக மிளிரும். ஆனால் டிரைவ் சுமந்த தாய்க்கொசுக்களின் வழியில், கண் வெளுத்தோ திட்டுத்திட்டாகவோ பிறந்த பிள்ளைகள் வந்தன. தாய் முட்டைக்குள் விட்டுச்சென்ற கத்திரி கருவில் அகாலமாக வெட்ட, செல் பார்த்து எழுதாமல் அவசரமாக ஒட்டுப்போட்டுவிட்டது. அப்படி ஒட்டிய இடத்தை இனிக் கத்திரியால் அடையாளம் காண முடியாது. இத்தகைய எதிர்ப்புப் பிரதிகள் பெருகினால் டிரைவ் ஓரிடத்தில் நின்றுவிடும்.

2020இல் அதே ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். டிரைவோடு சேர்த்து, உடைந்த கண் மரபணு பழையபடி வேலை செய்வதற்கான துண்டையும் அனுப்பினார்கள். தவறாக ஒட்டிய பிரதிகளை மட்டுமே கொண்ட பெண்கொசு நலிந்து, சந்ததியிலிருந்து கழிந்துபோகிறது. சிறு கூண்டுகளில் ஐந்து முதல் பதினொரு தலைமுறைக்குள் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட கொசுக்கள் டிரைவைச் சுமந்தன.

பலன் பெரியதுதான். மருந்து தெளிப்பவர் ஏறிப்பார்க்க முடியாத தொட்டியில் பிறந்த பெண்கொசுவையும் ஆண்கொசு தேடிப் போகும். ஆனால் ஒரு டிரைவ் ஓர் இனத்துக்குள் மட்டுமே பரவும். ஸ்டெஃபென்ஸி மாறினாலும், கிராமத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் மாறாது. இடக்கொச்சியின் க்யூலெக்ஸ் வேறு பேரினமே. ஒட்டுண்ணியும் காலப்போக்கில் எதிர்ப்பொருளுக்குத் தப்பும் வழியைக் கண்டுகொள்ளலாம்.

இவற்றைவிடப் பெரிய கேள்வி எல்லையைப் பற்றியது. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்தின. பணம் தந்தது அமெரிக்கா. மலடாக்கிய ஆண் க்யூலெக்ஸ் கொசுக்களை டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் விட்டார்கள். கிராமத்துக்குள் மலட்டு முட்டைகள் கூடின. ஆனால் ஏற்கெனவே கருவுற்ற பெண்கொசுக்கள் வெளியிலிருந்து பறந்து வந்து முட்டையிட்டதால், கொசு எதிர்பார்த்தபடி குறையவில்லை.

அடுத்து சோனிபட்டில் ஏடிஸ் கொசுக்களை விட ஏற்பாடானது. மஞ்சள் காய்ச்சலே இல்லாத நாட்டில் அதைப் பரப்பும் கொசுவை ஏன் ஆராய்கிறார்கள், திரட்டிய தகவல் யாருக்குப் போகிறது என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். உயிரியல் போருக்கான ஒத்திகை என்ற சந்தேகமும் கிளம்பியது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் விளக்கம் உரிய நேரத்தில் உரியவர்களுக்குச் சொல்லப்படவும் இல்லை. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975இல் கடுமையாக விமர்சித்தது. அந்த ஆண்டே பிரிவு மூடப்பட்டது.

அந்தக் கொசுக்கள் மலடு. விடுவதை நிறுத்தினால் அவற்றின் கதையும் முடிந்துவிடும். டிரைவ் சுமந்த கொசுவுக்கு அந்த முடிவு இல்லை. டெல்லி சோதனையைக் குலைத்த அதே பறத்தல், இங்கே மரபணுவை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் சான்று பெற்றது. ஏறக்குறைய அதே சமயத்தில் மன்னாரில் ஸ்டெஃபென்ஸி கண்டுபிடிக்கப்பட்டது. ராமநாதபுரத்தில் விடும் கொசுவின் மரபணு பாக் நீரிணையைக் கடக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது.

இந்தியாவில் இத்தகைய அனுமதி 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழ், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவிடம் போகும். அது ஒரு நாட்டின் குழு. 2018இல் எகிப்தில் கூடிய உயிர்ப்பன்மய உடன்படிக்கை நாடுகள், ஜீன் டிரைவை வெளியே விடுமுன் பாதிக்கப்படக்கூடிய பழங்குடி மக்களிடமும் உள்ளூர்ச் சமூகங்களிடமும் பொருத்தமான இடங்களில் முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டன. 2025 ஆகஸ்டில் புர்கினா ஃபாசோ அரசு அங்கு மரபணு மாற்றிய கொசுக்களை விட்ட டார்கெட் மலேரியா திட்டத்தையே நிறுத்தியது. அங்கே விட்டவை டிரைவ் கொசுக்கள்கூட அல்ல. மக்கள் நம்பிக்கை பெறாத அறிவியல் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அதே சுவரில் முட்டுகிறது.

கூண்டுக்குள் ஆய்வு தொடரட்டும், அதற்கு நம் அரசும் பணம் தரட்டும். ஆனால் ஒரு கொசுவேனும் வெளியே போகுமுன் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட உடன்பாடு இருக்க வேண்டும். சோதனைத் தரவு முழுவதும் தமிழிலும் மலையாளத்திலும் மற்ற மக்கள் மொழிகளிலும் வெளியாக வேண்டும். மறுக்கும் உரிமையோடு கிராமசபையும் வார்டு சபையும் கூடிப் பேச வேண்டும். இவை இல்லாமல் தரப்படும் அனுமதி செல்லத்தக்கதல்ல. இடக்கொச்சிக்காரர்கள் அதுவரை தங்கள் கவுன்சிலரிடம் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லிக் கேட்பதை விட்டுவிடக் கூடாது. இங்குள்ள க்யூலெக்ஸுக்கு இன்றைக்குக் கைவசமுள்ள மருந்து ஓடும் தண்ணீர்தான்.