டவரின் ஆன்டெனா ஏன் குனிகிறது?

போனில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கின்றன. ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பேச்சு பாதியில் விட்டுப்போகிறது. பக்கத்தில் இன்னொரு டவர் வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். நகரங்களில் பல நேரம் நடப்பது வேறு. நாம் நிற்கும் இடத்தில் மூன்று நான்கு டவர்களின் சிக்னல் ஏறக்குறைய ஒரே பலத்தில் வந்து ஒன்றையொன்று கெடுக்கும். அங்கே டவர் குறைவாக இல்லை, எங்கோ ஒரு டவர் தன் எல்லையைத் தாண்டி வீசிக்கொண்டிருக்கிறது.

2ஜி காலத்தில் அடுத்தடுத்த டவர்களுக்கு வேறு வேறு அலைவரிசைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். 4ஜியில் ஒரு நிறுவனத்தின் எல்லா டவர்களும் பொதுவாக ஒரே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. இருக்கும் அலைவரிசை முழுவதும் ஒவ்வொரு டவருக்கும் கிடைக்கிறது என்பது இதில் லாபம். பக்கத்து டவர் தன் வாடிக்கையாளருக்கு அனுப்புவது நமக்கு இரைச்சலாக வந்து சேர்வது நஷ்டம். திருவிழாவில் இரண்டு தெருக்களின் குழாய் ஸ்பீக்கர்களும் ஒரே முச்சந்தியை நோக்கி வெவ்வேறு பாட்டைப் போட்டால், நடுவில் நிற்பவருக்குச் சத்தத்துக்குக் குறைவிருக்காது, பாட்டுதான் புரியாது. போனின் கோடுகள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தைத்தான் காட்டுகின்றன. பொறியாளர்கள் அதோடு விடுவதில்லை. சோதனைத் திரையில் `RSRP` என்ற எண் சிக்னலின் பலத்தையும், `SINR` என்ற எண் இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதையும் சொல்லும். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால், பழி பக்கத்து டவர்களின் மேல்தான்.

இதைச் சரிசெய்ய டவரின் சக்தியைக் கூட்டிக் குறைப்பதைவிட, ஆன்டெனாவின் சாய்வை மாற்றுவதே நல்ல வழி. டவர் உச்சியில் நீளமான பெட்டிகள் மூன்று திசை பார்த்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு செக்டர். ஒரு பெட்டியின் கற்றை பக்கவாட்டில் சுமார் 65 டிகிரி அகலமாக விரியும், மேலும் கீழும் சுமார் 7 டிகிரிதான். உயரவாக்கில் கற்றை இவ்வளவு மெலிந்திருப்பதால், இரண்டு மூன்று டிகிரி சாய்த்தாலே அது தரையைத் தொடும் இடம் வெகுவாக மாறிவிடும்.

ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டவரில் ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 800 மீட்டர் தள்ளி அடுத்த டவர். ஆக முதல் டவர் பார்த்துக்கொள்ள வேண்டியது 400 மீட்டர் வரை. 1,200 மீட்டர் தூரத்தில் சந்தை. ஆன்டெனா 2 டிகிரி மட்டும் குனிந்திருந்தால் கற்றையின் நடுப்பகுதி 860 மீட்டரில் தரையைத் தொடும். அதாவது அடுத்த டவரையே தாண்டிவிடும். நேரான சாலையின் வழியே அது தடையில்லாமல் சந்தைக்கும் போகும். சந்தைக்குச் சேவை தர வேண்டிய டவரோ கட்டடங்களின் பின்னால் மறைந்திருக்கும்.

இப்போது சாய்வை 6 டிகிரி ஆக்கினால் நடுப்பகுதி 285 மீட்டரில் இறங்கும். சமதரைக்குரிய வழக்கமான கணக்குப்படி, சந்தைக்குப் போகும் வீச்சு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 400 மீட்டர் எல்லையில் இருக்கும் வீட்டுக்கு ஒரு குறையும் வராது. சிக்னல் கொஞ்சம் கூடவும் செய்யும். இது நன்றாக இருக்கிறதே என்று 8 டிகிரிக்குப் போனால் கதை மாறுகிறது. சந்தையில் இரைச்சல் இன்னும் குறையும், ஆனால் 400 மீட்டர் எல்லையில் சிக்னல் ஏறக்குறைய பாதியாகிவிடும். தெருவில் நிற்பவருக்கு அது தெரியாமல் போகலாம். சுவருக்குள், படுக்கையறையில் இருப்பவருக்கு அழைப்பே வராது. உயரமான அடுக்குமாடியின் மேல்தளங்களில் இருப்பவர்களின் தலைக்குக் கீழே கற்றை போய்விடும். பக்கத்து ஊருக்குச் செய்த நன்மை, சொந்த எல்லையில் ஓட்டையாக முடியும்.

சாய்ப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஆள் டவரில் ஏறி, பிடிப்பைத் தளர்த்தி, பெட்டியையே முன்பக்கமாகச் சாய்ப்பது ஒன்று. இதில் கற்றை நேர் முன்னால் மட்டும்தான் முழுதாகக் குனியும். பக்கவாட்டில் போகப் போகக் குனிவு குறைந்து, 90 டிகிரியில் அறவே இருக்காது. முன்னால் அடங்கிய இரைச்சல் பக்கவாட்டில் பிதுங்கும். மற்றது மின்சாய்வு. பெட்டிக்குள் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும் சிறு உறுப்புகளில், கீழே உள்ளவற்றுக்குச் சிக்னலைத் துளி தாமதமாகக் கொடுத்தால் கற்றை எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் குனியும். பெட்டி அசையவே வேண்டாம். அடியில் பொருத்திய சிறு மோட்டாருக்கு அலுவலகத்திலிருந்தே கட்டளை போகும். அதனால் முடிந்தவரை மின்சாய்வைத்தான் முதலில் தொடுகிறார்கள்.

சில இடங்களில் சாய்வு மட்டும் போதாது. செக்டர் ஒரு நீண்ட நேர்ச்சாலையைப் பார்த்து நின்றால், இருபுறக் கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் வெகுதூரம் ஓடும். அப்போது பெட்டியின் திசையைச் சுமார் 20 டிகிரி திருப்பி, கட்டடங்களே அதை மறிக்கும்படி செய்யலாம். ஆனால் மூன்று செக்டர்களும் 120 டிகிரி இடைவெளியில் நிற்பவை. ஒன்றைத் திருப்பினால் ஒரு பக்க இடைவெளி 140 ஆகி நடுவில் சிக்னல் மெலியும், மறுபக்கம் 100 ஆகி இரண்டு செக்டர்கள் மோதும். எந்தத் தெரு மெலியும் என்பதைப் பார்த்த பிறகுதான் போல்ட்டைத் தளர்த்த வேண்டும்.

எந்த டவர் எல்லை மீறுகிறது என்பதை அந்த டவரின் பதிவே காட்டிக்கொடுக்கும். தொலைவில் உள்ள போனின் சிக்னல் டவரை அடையச் சற்று நேரம் பிடிக்கும். அதை ஈடுகட்ட, ‘இவ்வளவு முன்னதாக அனுப்பு’ என்று டவர் ஒவ்வொரு போனுக்கும் சொல்கிறது. 4ஜியில் இந்தக் கணக்கின் ஒரு படி ஏறக்குறைய 78 மீட்டர். இந்தப் படிகளைத் தொகுத்தால் எத்தனை போன்கள் எவ்வளவு தூரத்திலிருந்து இந்த டவரைப் பிடித்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். 400 மீட்டர் காக்க வேண்டிய டவரில் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துப் போன்கள் குவிந்திருந்தால், குனிய வேண்டியது அதுதான்.

மாற்றத்தை ஒரேயடியாகச் செய்யாமல் ஓரிரு டிகிரியாகச் செய்வது நல்லது. பிறகு காரில் கருவியோடு தெருத்தெருவாக ஓட்டி அளக்க வேண்டும். பக்கத்து டவரையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். கைவிடப்பட்ட அந்தத் தூரத்துப் போன்கள் இப்போது அதன் தலையில்தான் விழுந்திருக்கும். அது ஏற்கெனவே நெரிசலில் இருந்தால், இரைச்சல் குறைந்தும் வேகம் கூடாது. கார் வீட்டுக்குள் நுழையாது என்பதால் டிரைவ் டெஸ்டுக்கும் ஓர் எல்லை உண்டு. தெருவில் அளந்த எண்கள் அழகாக இருக்கும், அழைப்பு அறுவதாக வீட்டுக்குள்ளிருந்து வரும் புகார் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறினால் ஒரு டிகிரி நிமிர்த்திவிடுவதே சரி.

ஆகவே புகார் கொடுக்கும்போது ‘சிக்னல் சரியில்லை’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குள்ளா வெளியிலா, எத்தனையாவது மாடி, எந்த நேரம், கோடுகள் முழுதாக இருந்தும் இப்படியா, என்றிலிருந்து என்று சேர்த்துச் சொல்லுங்கள். கோடே இல்லை என்பவருக்கு ஆன்டெனாவை நிமிர்த்த வேண்டியிருக்கலாம். கோடு நிறைந்தும் வேலை செய்யவில்லை என்பவருக்குத் தொலைவில் உள்ள வேறொன்றைக் குனிய வைக்க வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து நேரெதிர்.