பாக்கி கேட்கும் செய்தி: எப்போது ‘அண்ணாச்சி’, எப்போது ‘ஐயா’?

கடனுக்குச் சரக்கு கொடுக்காமல் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வணிகம் நடத்த இயலாது. ஓணத்துக்கு முன்பு சரக்கு போகும். பணம் ஓணம் முடிந்த பிறகே வரத் தொடங்கும். அப்போது சிறு உற்பத்தியாளர்கள் பலரைத் தயங்க வைப்பது கைப்பேசியில் எழுத வேண்டிய நான்கு வரிகள்தாம். கனிவாக எழுதினால் பணம் தள்ளிப்போகும். கறாராக எழுதினால் வாடிக்கை போய்விடும் என்று அஞ்சுகின்றனர்.

கனிவும் கறாரும் செய்தியில் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டியவை என்பதை உணர்ந்தால் இந்த அச்சம் பெரிதும் குறையும். விளிப்பும் முதல் வரியும் உறவைப் பொறுத்தவை. பில் எண், நாள், தொகை, கெடு நாள் ஆகிய நான்கும் யாருக்கு எழுதினாலும் மாறக் கூடாதவை. கேட்கும் முறை, அதாவது கடைசி வரி, தாமதத்துக்கு ஏற்ப மாற வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டு. கரமனைப் பகுதியில் முறுக்கு, தட்டை தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று சாலையில் உள்ள பழகிய கடைக்கு ஆகஸ்டு 5 அன்று 48,600 ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறது என்று கொள்வோம். எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட தவணை 30 நாள். ஆகவே கெடு நாள் செப்டம்பர் 4. கடைக்காரர் பத்தாண்டுப் பழக்கம் உள்ளவர்.

இந்நிலையில் பலரும் எழுதுவது, “அண்ணாச்சி, அந்தப் பாக்கியைக் கொஞ்சம் பாருங்கள், வசதிப்படும்போது கொடுத்தால் போதும்” என்பதாகும். இதில் இரு குறைகள் உள்ளன. ‘அந்தப் பாக்கி’ எது என்று தெரியாது. ‘வசதிப்படும்போது’ என்ற சொல்லோ 30 நாள் தவணையைத் தாமே கைவிட்டதாகப் பின்னர் வாதிட இடம் கொடுக்கும். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 7 அன்று, இவ்வாறு எழுதலாம்: “அண்ணாச்சி, வணக்கம். ஓண வியாபாரம் நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். பில் எண் 214, ஆகஸ்டு 5, ரூ. 48,600, கெடு நாள் செப்டம்பர் 4. எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று சொன்னால் என் கொள்முதலுக்கு உதவியாக இருக்கும்.” இதில் கண்டிப்பான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்கப்படுவது ஒரு தேதி. அதற்கு வரும் பதில், பாக்கி உண்டு என்பதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகவும் அமையும்.

செப்டம்பர் 24 ஆகியும் பணம் வரவில்லை. இப்போது நலம் விசாரிப்பை விட்டுவிடலாம், ‘அண்ணாச்சி’ இருக்கட்டும். அதே நான்கு விவரங்களைத் திரும்ப எழுதி, “20 நாள் கடந்துவிட்டது. இவ்வாரத்தில் ரூ. 20,000, மீதி ரூ. 28,600 அக்டோபர் 10-க்குள் என்று அனுப்ப இயலுமா?” எனக் கேட்கலாம். முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் தர இயலாதவர் பெரும்பாலும் பதிலே அனுப்புவதில்லை. பிரித்துக் கேட்டால் அவருக்குப் பேச ஒரு வழி திறக்கிறது.

ரூ. 20,000 வந்தது. ஆனால் அக்டோபர் 10 கடந்துவிட்டது. இனி ‘அண்ணாச்சி’க்குப் பதில் ‘ஐயா’. வாட்ஸ்அப்புக்குப் பதில் நிறுவனத் தாளில் கையொப்பமிட்ட கடிதம். இங்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வருகிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும் ஒப்பந்தத்தில் உள்ள நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணை 45 நாளுக்கு மேற்படக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். கடிதத்தில் இதை ஒரே வாக்கியமாக, மிரட்டல் தொனியின்றி எழுதினால் போதும். சரக்கை வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பொருந்தாத சட்டத்தைச் சுட்டும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

மார்ச் மாதத்தில் இதே சட்டம் நட்பான வரியாகவும் பயன்படும். இக்கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இது நடைமுறையில் உள்ளது. “மார்ச் 31-க்குள் முடித்துவிட்டால் உங்கள் வரிக் கணக்குக்கும் நல்லது” என்று எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

தொகை பெரிதாயின், நெருக்கமானவரிடம்தான் எழுத்து கூடுதலாகத் தேவை. மைத்துனருக்குக் கொடுத்த 3,000 ரூபாய்க்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். 3 லட்சம் என்றால் முதலில் நேரில் பேசி, அன்றே “நாம் பேசியபடி” என்று தொடங்கி ஒரு செய்தி அனுப்புவது நல்லது. மாறாக, பெரிய நிறுவனத்துக்கும் அரசுத் துறைக்கும் எழுதும்போது கனிவுச் சொற்களால் பயனில்லை. அங்கே செய்தியைப் படிப்பவர் நம்முடன் பழகியவர் அல்லர், கணக்குப் பிரிவு ஊழியர். கொள்முதல் ஆணை எண்ணும் சரக்கு பெற்ற சான்றும்தான் அவர் கோப்பை நகர்த்தும்.

திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு செய்தி. தமிழில் ‘நீங்கள்’ என்பது மரியாதைச் சொல். மலையாளத்தில் மூத்தவரிடமும் வாடிக்கையாளரிடமும் ‘நிங்ஙள்’ என்பதைப் பலர் தவிர்ப்பர். ‘சார்’ என்றோ ‘சேட்டன்’ என்றோ விளிப்பர். தமிழ்ச் செய்தியை அப்படியே மலையாளத்தில் மாற்றினால், எழுதியவர் நினைக்காத கடுமை அதில் ஏறிவிடும்.

காசோலை திரும்பிவிட்டால் மட்டும் உறவைப் பார்த்துக் காத்திருக்க இயலாது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவருக்கு உண்டு. அதற்கும் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் அளிக்க வேண்டும். அறிவிப்பில் கேட்கும் தொகை காசோலைத் தொகையாகவே இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2025-இல் மீண்டும் வலியுறுத்தியது. எழுத்துப் பிழையால் தொகை மாறியிருந்தாலும் அறிவிப்பு செல்லாது. பழைய பாக்கியையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்பதுதான் வழக்கமாக நேரும் பிழை. “பார்த்துச் செய்யுங்கள் அண்ணாச்சி” என்ற செய்தி அந்த அறிவிப்பு ஆகாது.

பாக்கியைக் குழுச் செய்திகளில் போடுவதும், ‘இறுதி எச்சரிக்கை’ என்று மூன்று முறை எழுதுவதும் பயன் தராதவை. நினைவூட்டலில் புதிய கணக்கு எண்ணைத் தருவதும் வேண்டாம். மோசடிச் செய்தி என்று ஐயுறுவர்.

ஆண்டுதோறும் மார்ச் இறுதியில் நெருங்கியவர், புதியவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் நிலுவை உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்பிக் கையொப்பம் பெறுவது நல்ல வழக்கம். எல்லோருக்கும் போவதால் எவரும் வருந்துவதில்லை. சரக்குப் பாக்கிக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு மூன்று ஆண்டு. அந்தக் காலத்துக்குள் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

நமது எடுத்துக்காட்டில் மீதி ரூ. 28,600 அக்டோபர் 22 அன்று வந்து சேர்கிறது. அன்றே போக வேண்டிய செய்தி: “அண்ணாச்சி, ரூ. 28,600 வந்தது. பில் 214 முழுமையாக முடிந்தது. நன்றி. தீபாவளிச் சரக்குக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள். இம்முறை தவணை 15 நாள்.”