ப்ளக் போட்டிருக்கு, ஆனாலும் பேட்டரி இறங்குதா? மானிட்டர் எத்தனை வாட் தருதுன்னு பாருங்க

ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்ததும் மானிட்டரின் யுஎஸ்பி-சி கேபிளை லேப்டாப்பில் செருகுகிறீர்கள். திரை வருகிறது, சார்ஜ் ஆவதைக் காட்டும் குறியும் வருகிறது. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் 80 சதவீதம் இருந்த பேட்டரி 30-ல் நிற்கிறது. பேட்டரி போயிடுச்சுன்னு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பாதீங்க. முதலில் இந்தக் கணக்கைப் பாருங்க.

உங்கள் லேப்டாப்புடன் வந்த சார்ஜர் 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் தருவது 65 வாட். வீடியோ கால் ஓடுகிறது, பின்னால் கோடு பில்ட் ஆகிறது, லேப்டாப் 75 வாட் கேட்கிறது. குறைகிற 10 வாட்டை பேட்டரியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 60 வாட்-மணி என்றால் மணிக்கு சுமார் 17 சதவீதம் காலி. மூன்று மணி நேரத்தில் 50 சதவீதம்.

நீங்க சாப்பிடப் போனா கதை மாறிடும். சும்மா இருக்கும் லேப்டாப்புக்கு 15 வாட் போதும். மிச்சம் 50 வாட் பேட்டரிக்குப் போகும். ஒரு மணி நேரத்தில் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால்தான் "சில நாள் ஏறுது, சில நாள் இறங்குது" என்று தோன்றுகிறது. சில லேப்டாப்கள் பேட்டரியைத் தொடாமல் ப்ராசஸர் வேகத்தையே குறைத்துவிடும். அப்போது சதவீதம் குறையாது, மெஷின் மட்டும் மந்தமாகும். பழி பிரவுசர் மேல விழும்.

குறைந்த வாட் சார்ஜரைப் போட்டால் ஏதாவது எரிந்துவிடுமா? ஆகாது. கரண்ட் பாயும் முன் இரண்டும் பேசிக்கொள்கின்றன. "என்னால் இவ்வளவு தர முடியும்" என்று மானிட்டர் ஒரு பட்டியல் தரும், லேப்டாப் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். மானிட்டர் தானாக எதையும் திணிப்பதில்லை.

இந்தப் பேச்சில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: கேபிள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தன் திறனைச் சொல்லும் சிறு சிப் உள்ளே இல்லாத கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் அனுமதி கிடையாது. 20 வோல்ட், 3 ஆம்பியர்: 60 வாட். மானிட்டர் 90 வாட் தரக்கூடியதாக இருந்தாலும், போன் சார்ஜரோடு வந்த கேபிளைச் செருகினால் 60-ல் நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேபிள் மேலோ அதன் பெட்டி மேலோ வாட் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜரை ஒரு சின்ன டாக்கில் செருகி, அங்கிருந்து லேப்டாப்புக்கு எடுப்பவர்களுக்கு இன்னொரு கழிவு உண்டு. டாக் தன் செலவுக்கும், தன்னில் செருகிய பென் டிரைவ், கேமரா செலவுக்கும் 10–15 வாட் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜர் போட்டால் லேப்டாப்புக்குச் சேர்வது 50 வாட் அளவுதான்.

எப்படி உறுதி செய்வது? மேக்கில் System Information திறந்து Power பகுதியில் Wattage (W) வரியைப் பாருங்கள். பேச்சுவார்த்தையில் முடிவான வாட் அங்கே இருக்கும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டில் இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

உருவாகும் அறிக்கையில் Recent usage அட்டவணையைப் பாருங்கள். Source இடத்தில் AC என்று இருந்தும், அடுத்த வரியில் மீதமுள்ள அளவு குறைந்திருந்தால், வருவது போதவில்லை. சதவீதம் 80-ல் அப்படியே நின்றால் அது வேறு விஷயம். பேட்டரி ஆயுளைக் காக்க லேப்டாப்பே போட்டுக்கொண்ட வரம்பாக இருக்கலாம்.

தீர்வு பெரும்பாலும் மலிவானது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், லேப்டாப்போடு வந்த சார்ஜரையே நேராகச் செருகுங்கள், மானிட்டர் கேபிள் திரைக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துச் செருகினால் ஆபத்தில்லை. ஆனா 65-ம் 100-ம் கூடி 165 ஆகாது. பொதுவாக லேப்டாப் அதிகம் தருவதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

புது மானிட்டர் வாங்குவதாக இருந்தால், விளம்பரத்தில் யுஎஸ்பி-சி என்று இருப்பதை மட்டும் நம்பாதீங்க. விவரப் பட்டியலில் Power Delivery என்ற வரியைத் தேடுங்கள். சில மாடல்களில் அது வெறும் 15 வாட். அந்த எண்ணை உங்கள் சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட்டோடு ஒப்பிடுங்கள். மானிட்டரின் மொத்த மின்செலவு என்று போட்டிருக்கும் எண் இதற்கு உதவாது, அதில் திரையின் செலவும் சேர்ந்திருக்கும்.