ஓட்டையைப் பாருங்கள், ஆளைச் சொல்லிவிடலாம்

கறுப்புச் சட்டையும் கனத்த பூட்ஸும் போட்ட மூன்று பேர் வரிசையாக நிற்கும் புகைப்படத்தைக் காட்டி, இவர்களில் பங்க் யார், கோத் யார், கிரஞ்ச் யார் என்று கேட்டால், பலர் பூட்ஸைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்குவார்கள். அது உதவாது. டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் மூன்று கூட்டத்தாரின் காலிலும் உண்டு. நிறமும் உதவாது. நான் பார்ப்பது துணியில் இருக்கும் ஓட்டையை. மூன்று பாணியிலும் ஓட்டை உண்டு. ஆனால் அது எப்படி வந்தது என்பதில் மூன்றும் தனித்தனி வழியில் போய்விடுகின்றன.

முதலில் வந்தது பங்க். லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430ஆம் எண் கடையை மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்தினார்கள். 1970களின் நடுவில் அந்தக் கடையைச் சுற்றித் திரிந்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லைடன். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் படம் அச்சிட்ட டி-ஷர்ட் ஒன்றை அவர் போட்டிருந்தார். குழுவின் பெயருக்கு மேலே, 'எனக்குப் பிடிக்காது' என்ற பொருளில் தன் கையாலேயே எழுதியிருந்தார். படத்தில் இருந்தவர்களின் கண்களைச் சுரண்டி ஓட்டையாக்கியிருந்தார். அந்தச் சட்டையோடு வந்தவர்தான் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகர் ஜானி ராட்டன் ஆனார். பங்க் ஓட்டை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஒருவர் வேண்டுமென்றே, கோபத்தோடு, எதிரே நிற்பவர் பார்க்க வேண்டும் என்று போட்ட ஓட்டை அது.

கிழித்ததோடு விடுவதில்லை. கிழிந்த இரண்டு ஓரங்களையும் ஊக்கு குத்தி இழுத்துப் பிடிப்பார்கள். தையல் போட்டால் கிழிசல் மறைந்துவிடும். ஊக்கு குத்தினால் கிழிசல் இன்னும் பளிச்சென்று தெரியும். தோல் ஜாக்கெட்டில் அடித்த கூரான உலோகக் குமிழ்கள், தேவையில்லாத இடத்தில் வைத்த ஜிப்புகள் எல்லாம் இதே கணக்குதான். வெஸ்ட்வுட் 1976இல் கொண்டுவந்த 'பாண்டேஜ்' கால்சட்டையில் இரண்டு முழங்கால்களையும் இணைத்து ஒரு பட்டை உண்டு. எட்டு வைத்து நடந்தால் பட்டை இழுக்கும். உடுத்தவரின் நடையையே மாற்றி, தெருவில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும் உடை அது. கடையில் விற்றதை வாங்கக் காசில்லாதவர்கள் பழைய கால்சட்டையில் தாங்களே பட்டை தைத்துக்கொண்டார்கள். பங்க் உடைக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். முகம் சுளிக்க யாரும் இல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

கோத் இதன் வயிற்றில் பிறந்த பிள்ளை. சூஸி சூ முதலில் செக்ஸ் பிஸ்டல்ஸைச் சுற்றி நின்ற பங்க் கூட்டத்தில் ஒருவர். பிறகு அவருடைய மையிட்ட கண்களும் கலைந்த கருங்கூந்தலுமே கோத் பெண்களுக்கு முன்மாதிரியாயின. 1982இல் லண்டனில் 'பேட்கேவ்' என்ற இரவு மன்றம் தொடங்கியது. அங்கு வந்தவர்களின் ஒரு கைவேலையைப் பாருங்கள். வலைபோலப் பின்னிய நைலான் காலுறையை எடுப்பார்கள். இரண்டு கால்களும் சேரும் இடத்தில் கத்தரியால் ஒரு துளை வெட்டித் தலையை நுழைப்பார்கள். பாதம் வரும் நுனிகளை வெட்டிவிட்டுக் கைகளை நுழைப்பார்கள். காலுறை வலைச்சட்டையாகிவிடும். இங்கே கத்தரி பங்கிடமிருந்து வந்தது. ஆனால் அந்த வெட்டு கண்ணில் படாது. கண்ணில் படுவது, தோலின் மேல் கறுப்பில் வரைந்தாற்போல் ஒழுங்காக ஓடும் வலைதான். லேஸும் அப்படித்தான். நூலைக் கொண்டு பொறுமையாகப் பின்னிய ஓட்டைகள் அவை. கோத் உடையில் ஓட்டை ஒரு வேலைப்பாடு.

கறுப்பின் மேல் உண்மையான அக்கறை உள்ளது கோத்துக்கு மட்டும்தான் என்பது என் கருத்து. உச்சி முதல் பாதம் வரை ஒரே நிறம் என்றால் தட்டையாகத் தெரியுமே, என்ன செய்வது? துணியை மாற்றுகிறார்கள். வெல்வெட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் குட்டி இழைகள் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் அதன் கறுப்பு ஆழமாகத் தெரியும். சாட்டின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். லேஸ் பாதி மறைத்துப் பாதி காட்டும். மூன்றையும் சேர்த்து உடுத்தினால் ஒரே கறுப்பு மூன்று கறுப்பாகிவிடும். இதற்குப் பராமரிப்பும் வேண்டும். வெல்வெட்டின் நல்ல பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் இழைகள் படுத்துவிடும், பளபளவென்று தழும்பு விழும். பின்பக்கத்திலிருந்து ஆவி பிடிக்க வேண்டும். சாயம் வெளுத்துச் சாம்பலாகிப்போன கறுப்பு கோத்துக்குக் குறை.

இந்தக் கறுப்பின் வேர் துக்க உடையில் இருக்கிறது. கணவர் ஆல்பர்ட் 1861இல் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி தன் கடைசிக் காலம் வரை, ஏறக்குறைய 40 ஆண்டுகள் கறுப்பே உடுத்தினார். அந்தக் காலத்துத் துக்க நகைகளை, இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைக்கும் 'ஜெட்' என்ற கறுப்புப் பொருளில் செதுக்கினார்கள். புதைந்து இறுகிய பழங்கால மரம் அது. டிராகுலா நாவலில் அந்தக் காட்டேரி இங்கிலாந்தில் கரையேறுவதும் அதே விட்பியில்தான். கோத் ரசிகர்கள் 1990களிலிருந்து திரளாகக் கூடுவதும் அங்கேதான். சாவையும் பிரிவையும் பேசத் தயங்காமல், அவற்றில் அழகைத் தேடும் மனம் இது. அவர்களை வக்கிரம் பிடித்தவர்கள் என்று சொல்வது அநியாயம்.

கிரஞ்ச் பிறந்தது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் பக்கம். மழையும் ஈரக்குளிரும் மரம் வெட்டும் தொழிலும் நிறைந்த இடம். அங்கே கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை வேலைக்குப் போகிறவர்களின் சட்டை. துணியின் மேல் பூனைமயிர் எழும்படி தேய்த்திருப்பதால் கதகதப்பாக இருக்கும். பழைய துணிக் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதைப் பொத்தான் போடாமல் டி-ஷர்ட் மேல் மாட்டிக்கொண்டு, கிழிந்த ஜீன்ஸோடு மேடையேறினார்கள். நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' 1991இல் வெளிவந்து உலகமெங்கும் விற்றபோது அந்தச் சட்டையும் கூடவே பரவியது. சரியாகச் சொன்னால் இது கறுப்பு உடையே அல்ல. வெளுத்த சிவப்பு, மங்கிய பச்சை, அழுக்குப் பழுப்பு எல்லாம் சேர்ந்து இருண்டு தெரிகிறது. முழங்கால் ஓட்டை போட்டுப் போட்டுத் தேய்ந்து வந்தது. அதன் ஓரத்தில் வெள்ளை நூல்கள் பஞ்சுபோல் தொங்கும். அதை யாரும் ஊக்கு குத்திக் காட்டவும் மாட்டார்கள், தைத்து மறைக்கவும் மாட்டார்கள். பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்ற யோசனையே அந்த உடையில் இல்லை.

அதனால்தான் கிரஞ்சை நகலெடுப்பது மற்ற இரண்டையும்விடக் கடினம். பெரி எல்லிஸ் நிறுவனத்துக்காக மார்க் ஜேக்கப்ஸ் 1992 நவம்பரில் ஒரு கிரஞ்ச் தொகுப்பை மேடையேற்றினார். மலிவான ஃபிளானலின் கட்டங்களைப் பட்டில் கொண்டுவந்தார். பார்வைக்கு அதே சட்டைதான். ஆனால் பட்டு விலை கொடுத்து வாங்கிய சட்டையை யாரும் கவலையில்லாமல் போட்டுத் தேய்க்க மாட்டார்கள். விமர்சகர்கள் கடிந்தார்கள், அவருக்கு வேலை போனது.

நிர்வாணாவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்டிவி நிகழ்ச்சி ஒன்றில் பச்சைநிறப் பழைய கம்பளிச் சட்டை போட்டுப் பாடினார். மறு ஆண்டு இறந்தார். அந்தச் சட்டை 2019இல் ஏலத்துக்கு வந்தபோது ஒரு பொத்தான் இல்லை, சுட்ட ஓட்டை அப்படியே இருந்தது, துவைக்கவும் இல்லை. 3,34,000 டாலருக்கு விற்றது.