அப்லோடு ஓடும்போது அழைப்பு ஏன் திக்குகிறது?

போனிலுள்ள வீடியோக்கள் கிளவுடுக்கு ஏறத் தொடங்கியதும் வீட்டில் வாட்ஸ்அப் அழைப்பு திக்கும், எந்தப் பக்கமும் திறக்காது. வேகம் போதவில்லை என்று பெரிய பிளானுக்கு மாறுவோம். பெரும்பாலும் குற்றவாளி வேகம் அல்ல, மோடத்துக்குள் நிற்கும் வரிசை. 2010-ல் ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயரிட்டார்.

அப்லோடு வேகம் 10 Mbps என்றால் நொடிக்கு 1.25 எம்பி வெளியேறும். மோடத்தின் பஃபரும் அவ்வளவே என்று வையுங்கள். டேட்டா தொலையும்போதுதான் பல அப்லோடுகள் வேகத்தைக் குறைக்கும். பஃபர் நிரம்பும்வரை எதுவும் தொலையாது. நிரம்பியபின் உங்கள் குரலும், பக்கம் கேட்டு அனுப்பும் சிறு கோரிக்கையும் அதன் கடைசியில் ஒரு நொடி நிற்கும். டவுன்லோடும் தப்பாது, ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகைகளும் இதே வழியில்தான் போகவேண்டும்.

சோதிக்க, அப்லோடு ஓடும்போது இதைக் கொடுங்கள்:

```
ping 8.8.8.8
```

20 மில்லிசெகண்ட் பல நூறாக எகிறினால் நோய் இதுதான்.

OpenWrt ரவுட்டரில் SQM பகுதியில் `cake` தேர்ந்து, அப்லோடை 9000 kbit/s என்று கொடுங்கள். ஏன் குறைத்து? அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரின் கைக்கு வரும். அது ஒவ்வொரு இணைப்புக்கும் முறை வைத்து அனுப்பும். தேங்கும் இணைப்பின் டேட்டாவில் சிலவற்றை முன்கூட்டியே கைவிட்டு வேகத்தை அடக்கும். அப்லோடு முடியச் சற்றுத் தாமதமாகும், பரவாயில்லை. வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் 4ஜி இணைப்பில் மட்டும் ஒரே எண் சரிவராது.